நான்கு சக்கரமும் இழுத்தால் பாதுகாப்பு கூடுமா?

“வீட்டில் பெரியவர், குழந்தைகள் சேர்த்து ஐந்து பேர். புதுக் கார் வாங்கப் போகிறோம். பிடித்த மாடல் முன்சக்கர இயக்கத்திலும் வருகிறது, ஃபோர் வீல் டிரைவிலும் வருகிறது. விலை நிறையவே வித்தியாசம். ‘குடும்பத்தோடு போகிறீர்கள், நாலு சக்கரமும் இழுத்தால்தான் பாதுகாப்பு’ என்கிறார் விற்பனையாளர். வருடத்துக்கு மூன்று நான்கு முறை மலைப்பாதையில் போவோம், மற்றபடி நகரமும் நெடுஞ்சாலையும்தான். எங்களுக்கு அது உண்மையிலேயே தேவையா? பின்சக்கர இயக்கக் கார் வேறு சிலர் நல்லது என்கிறார்கள்.”

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. வண்டி வழுக்கலில் மாட்டிக்கொள்ளாமல் நகருமா என்பது ஒன்று. வண்டி பாதுகாப்பானதா என்பது இன்னொன்று. நான்கு சக்கர இயக்கம் முதல் கேள்விக்கு மிக நல்ல விடை. இரண்டாவதற்கு அது பெரும்பாலும் விடையே இல்லை. விற்பனையாளர் முதலாவதற்கான விடையை எடுத்து இரண்டாவதற்குச் சொல்லியிருக்கிறார். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக கியர்பாக்ஸ், ஆக்ஸில், டிஃபரன்ஷியல் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். கார் விற்பவன் அல்ல. அதனால் என் பார்வை கொஞ்சம் வண்டியின் அடிப்பக்கத்திலிருந்தே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எவ்வளவு பலமாக இருந்தாலும் வண்டியை நகர்த்துவது டயர் தரையைத் தொடும் உள்ளங்கையளவு இடம்தான். அந்த இடத்தில் எவ்வளவு பிடிப்பு கிடைக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தரை எப்படிப்பட்டது. மற்றொன்று, அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் ஒரு டயர் தன் மேலிருக்கும் எடையில் சுமார் எண்பது சதவீதம் வரை தள்ள முடியும். ஈரத் தாரில் ஏறத்தாழ ஐம்பது சதவீதம். நனைந்த புல், இறுகிய பனி போன்றவற்றில் முப்பது சதவீதம் அல்லது அதற்கும் கீழே. பனிக்கட்டியில் பத்து சதவீதம் கிடைத்தால் பெரிய விஷயம். இவை எல்லாம் தோராயமான எண்கள், டயருக்கு டயர், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் வரிசை மாறாது.

முன்சக்கர இயக்கக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்பக்கம், இழுப்பதும் முன்சக்கரம். எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸையும் அதோடு சேர்த்து முன்பக்கத்திலேயே அடக்கும் யோசனையை 1959-இல் வந்த மினி பரவலாக்கியது. அன்றிலிருந்து சிறிய குடும்பக் கார் என்றாலே இந்த அமைப்புதான் என்றாகிவிட்டது. காரணம் ஓட்டும் சுகம் அல்ல, இடம். எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது, அதனால் தரைத்தளத்தில் நடுமேடு சின்னதாகிவிடுகிறது, பின்சீட்டில் மூன்றாவது ஆள் காலை நீட்டி உட்காரலாம். பாகங்களும் குறைவு. இன்னொரு லாபமும் தானாக வருகிறது: எஞ்சின் எடை முழுவதும் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இருக்கிறது. காலியாக இருக்கும் காரில் மொத்த எடையில் அறுபது சதவீதம் போல முன்னே இருக்கும். சமதளத்தில், சேற்றிலோ பனியிலோ கிளம்புவதற்கு இது நல்ல உதவி.

பின்சக்கர இயக்கத்தில் எடை இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாகப் பிரிகிறது. முன்சக்கரம் திருப்புவதற்கு, பின்சக்கரம் தள்ளுவதற்கு என்று வேலையும் பிரிகிறது. ஒரு டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. தள்ள, நிறுத்த, திருப்ப எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தொகைதான். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். வளைவில் ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதித்தால் திருப்புவதற்குப் பணம் மிச்சமிருக்காது, வண்டி வளைவின் வெளிப்பக்கம் நேராக ஓடப் பார்க்கும். பின்சக்கர இயக்கத்தில் அதே தவறைச் செய்தால் பின்பகுதி வெளியே வீசும். முதல் வகைத் தவறைச் சாதாரண ஓட்டுநர் திருத்துவது சுலபம், பதறிக் காலை எடுத்தாலே பெரும்பாலும் வண்டி வழிக்கு வந்துவிடும். இரண்டாவதைத் திருத்தப் பழக்கம் வேண்டும். அதனால்தான் பழைய பின்சக்கர இயக்கக் கார்களுக்கு மழைக்கால பயம் என்று ஒன்று இருந்தது. இன்று சக்கரம் சக்கரமாகத் தனித்தனியே பிரேக் போட்டு வண்டியை நேர்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறது. 1995-இல் ஒரு சொகுசுக் காரில் முதலில் வந்தது, இப்போது சிறிய கார்களிலும் உண்டு. அது வந்த பிறகு முன்னா பின்னா என்ற வித்தியாசம் அன்றாட ஓட்டத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது.

சரி, இப்போது எடை விஷயத்துக்கு வருவோம். இந்த இடத்தில்தான் உங்களைப் போன்ற ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், உங்களைப் போலவே ஐந்து பேர், சிறிய முன்சக்கர இயக்கக் கார். விடுமுறைக்கு ஒரு மேட்டு வீட்டில் தங்கப் போனார்கள். சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை புல் தரையில் ஏறும் பாதை. இரவு மழை. மறுநாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு கீழே கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் வண்டி ஏறவில்லை. முன்சக்கரம் உறுமிக்கொண்டு சுற்றுகிறது, புல் கிழிந்து சேறு தெறிக்கிறது, வண்டி இருந்த இடத்திலேயே நிற்கிறது. தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, ‘ஃபோர் வீல் டிரைவ் வாங்கியிருக்க வேண்டும்’ என்றார் வண்டியை ஓட்டியவர். நான் இரண்டு கேள்வி கேட்டேன்: வண்டிக்குள் எத்தனை பேர், மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், ஒன்றும் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பாதையின் சரிவு சுமார் 16 சதவீதம். அதாவது நூறு மீட்டர் போனால் பதினாறு மீட்டர் ஏற்றம். நனைந்த புல்லின் பிடிப்பு எடையில் முப்பது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முன்சீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் எடையில் அறுபது சதவீதம் முன்னே. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏறியதும் அந்தப் பங்கு ஐம்பத்து மூன்று போல இறங்கிவிடுகிறது. இதற்கு மேல், ஏற்றத்தில் நிற்கும் வண்டியில் எடை இன்னும் கொஞ்சம் பின்னோக்கிச் சாயும். இதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஐந்து பேரும் சாமானும் உள்ள அந்த வண்டி நனைந்த புல்லில் ஏறக்கூடிய அதிகபட்சச் சரிவு 15 சதவீதத்துக்கும் ஒரு துளி குறைவு. பாதை 16. அவ்வளவுதான் விஷயம். எஞ்சின் சக்தி இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு மடங்கு எஞ்சின் இருந்தாலும் சேறு இரண்டு மடங்கு தெறித்திருக்கும்.

பின்சீட்டில் இருப்பவர்களை இறக்கி, டிக்கியைக் காலி செய்தால்? இழுக்கும் சக்கரங்களின் பங்கு மறுபடி அறுபதுக்குப் போகிறது. ஏறக்கூடிய சரிவு கிட்டத்தட்ட 17. பாதை 16. ஏறிவிடும். வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் ஏற்றினால்? அப்போது முன்சக்கரம் இறக்கப் பக்கம் இருக்கும், சரிவால் சாயும் எடை இப்போது இழுக்கும் சக்கரத்தின் மேலேயே வந்து விழும். ஐந்து பேரும் உள்ளே இருந்தாலும் 17 சதவீதம் வரை ஏறலாம். அவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். எல்லோரும் இறங்கிக் குடையோடு நடந்தார்கள், வண்டி பின்பக்கமாக மெதுவாக ஏறி வாசலில் நின்றது. பழைய ஓட்டுநர்களுக்கு இந்த ரிவர்ஸ் வித்தை நன்றாகத் தெரியும். முன்சக்கர இயக்கக் கார்கள் பரவிய காலத்தில் மலையூர்களில் இதைச் சாதாரணமாகச் செய்தார்கள். ஆனால் ரிவர்ஸில் பார்வை குறைவு, பாதை குறுகல் என்றால் ஒருவர் வெளியே நின்று வழிகாட்டாமல் செய்யாதீர்கள். குழந்தைகள் வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே பாதையில் பின்சக்கர இயக்கக் கார் எப்படி நடந்திருக்கும் என்றால், அப்படியே தலைகீழ். ஓட்டுநர் மட்டும் இருக்கையில் பின்னே நாற்பத்தெட்டு சதவீதம் எடை என்றால் ஏறக்கூடிய சரிவு பதினைந்தரை, அதாவது ஏறாது. ஐந்து பேரும் சாமானும் ஏற்றி, பின்பங்கு ஐம்பத்தாறு ஆனால் 18 வரை ஏறும். காலியாக வழுக்கும், நிறைந்தால் ஏறும். லாரிகளும் பாரம் இழுக்கும் வண்டிகளும் ஏன் பெரும்பாலும் பின்சக்கர இயக்கமாக இருக்கின்றன என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ட்ரெய்லர் மாட்டி இழுப்பவர்களுக்கும் இது பொருந்தும். ட்ரெய்லரின் கொக்கி பின்முனையை அழுத்துகிறது, முன்பக்கம் லேசாக எழுகிறது, முன்சக்கர இயக்கம் அங்கே திணறும். நீங்கள் ட்ரெய்லர் இழுப்பவர் இல்லையென்றால் பின்சக்கர இயக்கத்தைத் தேடிப்போக உங்களுக்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஓட்டுவதில் ஒரு சுகம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது ஓட்டுபவருக்கு மட்டும் கிடைப்பது, பின்சீட்டில் இருக்கும் மூன்று பேருக்கு அல்ல.

நான்கு சக்கர இயக்கம் இருந்திருந்தால்? வண்டியின் மொத்த எடையும் இழுக்கும் எடை. யார் எங்கே உட்கார்ந்தாலும், மூக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்குப்படி 30 சதவீதம் வரை ஏறலாம். நடைமுறையில் அவ்வளவு முழுசாகக் கிடைக்காது என்றாலும், 15-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. இந்த இடத்தில் விற்பனையாளர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. வழுக்கும் ஏற்றம்தான் நான்கு சக்கர இயக்கத்தின் சொந்த ஊர்.

ஆனால் ஏறியதை இறக்க வேண்டுமே. அதே நனைந்த புல், அதே 16 சதவீதச் சரிவு, இப்போது இறக்கம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், சைக்கிள் வேகம்தான். சமதளமாக இருந்தால் பிரேக் போட்ட பிறகு சுமார் ஐந்து மீட்டரில் நிற்கும். இந்தச் சரிவில் பிடிப்பின் பாதிக்கு மேல் வண்டியை வழுக்கிவிடாமல் பிடித்து வைப்பதற்கே செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் வேகத்தைக் குறைக்க. நிற்க பதினொரு மீட்டருக்கு மேல் ஆகும். சரிவு 25 சதவீதம் என்றால், அதே சைக்கிள் வேகத்திலிருந்து நிற்க முப்பது மீட்டருக்கும் மேல். இந்த எண்கள் முன்சக்கர இயக்கக் காருக்கும் இவைதான், நான்கு சக்கர இயக்கக் காருக்கும் இவைதான். ஏனென்றால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. இழுப்பதில்தான் இரண்டா நான்கா என்ற பேச்சு, நிறுத்துவதில் எல்லோரும் நான்கு சக்கரக்காரர்கள்.

இதிலிருந்து வரும் ஒரு விஷயத்தை வண்டி வாங்குபவர்களிடம் யாரும் சொல்வதில்லை. முன்சக்கர இயக்கக் கார் 25 சதவீத ஈரப் புல்லில் ஏறவே ஏறாது. சக்கரம் சுற்றி, ‘இங்கே பிடிப்பு இல்லை, திரும்பிப் போ’ என்று கீழேயே சொல்லிவிடும். நான்கு சக்கர இயக்கக் கார் எதுவும் சொல்லாமல் மேலே கொண்டுபோய் விடும். பிடிப்பு எவ்வளவு குறைவு என்பது ஓட்டுநருக்கு முதன்முதலாகத் தெரிவது இறக்கத்தில், பிரேக்கில் கால் வைத்த பிறகு. ஈரச் சாலையில் வேகமாகக் கிளம்பும்போதும் இதே ஏமாற்றம்தான். வண்டி வழுக்காமல் பாய்கிறது, சாலை நன்றாக இருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது, அடுத்த வளைவில் அந்த நம்பிக்கைக்கு டயர் பொறுப்பேற்காது. பனி பெய்த நாட்களில் ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளைத் தூக்க நானும் உதவிக்குப் போயிருக்கிறேன். அவற்றில் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

வளைவில் உதவாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் உதவும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது இரண்டு டயருக்குப் பதில் நான்கு டயருக்குப் பங்கிடப்படுகிறது, அதனால் வழுக்கல் குறையும். ஆனால் வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்ட வண்டியைக் காப்பாற்ற அது போதாது. அந்த இடத்தில் காப்பாற்றுவது டயர், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், வேகம் இந்த மூன்றும்தான். இழுக்கும் சக்கரங்களின் எண்ணிக்கை அதற்கு வெகு பின்னால் வருகிறது.

உங்கள் மலைப்பாதைக்கு வருகிறேன். தார் போட்ட மலைச்சாலைகளின் சரிவு பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்குள் இருக்கும், கொண்டையூசி வளைவுகளில் உள்பக்கம் சில மீட்டருக்குக் கூடலாம். ஈரத் தாரில் ஐந்து பேரோடு போகும் முன்சக்கர இயக்கக் கார் கணக்குப்படி 23, 24 சதவீதம் வரை ஏறும். காய்ந்திருந்தால் 35 வரை. நியூசிலாந்தில் டனீடன் நகரிலுள்ள பால்ட்வின் தெருதான் உலகின் மிகச் செங்குத்தான குடியிருப்புத் தெரு என்று பெயர் பெற்றது. அதன் மிகச் சரிவான பகுதியே சுமார் 35 சதவீதம்தான், அங்கேயும் சாதாரண முன்சக்கர இயக்கக் கார்கள் ஏறி இறங்குகின்றன. ஆகவே தார்ச்சாலை என்றால், மழையே பெய்தாலும், உங்கள் மலைப்பயணம் நான்கு சக்கர இயக்கத்தைக் கேட்கவில்லை. அங்கே உங்களைத் தொந்தரவு செய்யக்கூடியது ஏற்றத்தில் சக்தி போதாத எஞ்சினும், இறக்கத்தில் சூடேறும் பிரேக்கும்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்ற பழைய சொல்லுக்கு எந்த இயக்கமும் மாற்று இல்லை.

அப்புறம், ஃபோர் வீல் டிரைவ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, லீவரோ சுவிட்சோ போட்டால் மட்டும் முன்னும் பின்னும் இறுக்கமாகப் பிணையும் பழைய வகை. கூடவே வேகத்தைக் குறைத்துத் திருகுவிசையை இரண்டு முதல் நான்கு மடங்கு பெருக்கும் லோ கியரும் இருக்கும். சேறு, பாறை, மணல் இவற்றுக்கானது. இதைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட நீளமான பாதையில் போகின்றன. இரண்டும் பிணைந்திருந்தால் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறும். ஸ்டியரிங் கனக்கும், திரும்பும்போது டயர் கீச்சிடும், வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும், லீவரை எடுக்கப் பார்த்தால் வராது. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் முறுக்கு விட்டு லீவர் விலகிவிடும். மழை பெய்கிறதே என்று நெடுஞ்சாலையில் இதைப் போட்டுக்கொண்டு நூறு கிலோமீட்டர் வந்து, பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, ஆல் வீல் டிரைவ் என்று சொல்லப்படும் தானியங்கி வகை. குடும்பக் கார்களில் வருவது அனேகமாக இதுதான். சாதாரண நேரத்தில் முன்சக்கரமே இழுக்கும். முன்னே வழுக்கினால் ஒரு க்ளட்ச் இறுகிப் பின்சக்கரத்துக்கும் சக்தியை அனுப்பும். ஓட்டுநர் எதுவும் செய்ய வேண்டாம். வசதியானது, ஆனால் அந்தச் சின்ன க்ளட்ச் சேற்றில் மணிக்கணக்கில் போராடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் துண்டித்துக்கொள்ளும். சரியாக அந்த நேரத்தில்தான் உங்களுக்கு அது தேவைப்படும்.

இனி செலவு. வாங்கும் விலையை விடுங்கள், அது ஒரு முறை. இந்த அமைப்பு வண்டிக்கு அறுபது முதல் நூறு கிலோ வரை கூட்டுகிறது. அதாவது ஒரு பெரியவர் எப்போதும் இறங்காமல் கூடவே வருகிறார். எடையும், சுற்றிக்கொண்டே இருக்கும் கூடுதல் பாகங்களும் சேர்ந்து எரிபொருளில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை தின்னலாம். புதிய மாடல்களில் தேவையில்லாதபோது பின்பக்கத்தைத் துண்டித்து இதைக் குறைக்கிறார்கள். பின் டிஃபரன்ஷியல், சக்தியைப் பிரிக்கும் பெட்டி, அந்த க்ளட்ச் என்று எண்ணெய் மாற்ற வேண்டிய இடங்களும் கூடுகின்றன. க்ளட்ச் எண்ணெய் பழசானால், மெதுவாக ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது வண்டி உதறும். அந்த உதறலைப் பார்க்கிங்கில்தான் முதலில் கவனிப்பீர்கள்.

ஆனால் என் பட்டறைக்கு வந்ததில் அதிகம் வலித்த செலவு டயரால் வந்தது. ஒருவரின் ஆல் வீல் டிரைவ் காரில் முன் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன, அவற்றை மட்டும் புதிதாக மாற்றினார். முன்சக்கர இயக்கக் காரில் அது பெரிய தவறல்ல. இவருடைய காரில் முன்னே எட்டு மில்லிமீட்டர் பள்ளம் உள்ள புதிய டயர், பின்னே மூன்று மில்லிமீட்டர் மிச்சமுள்ள பழையது. ஐந்து மில்லிமீட்டர் ஆரத்தில் குறைந்தால் சுற்றளவில் சுமார் முப்பது மில்லிமீட்டர் குறைகிறது. இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்தில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின்சக்கரம் முன்சக்கரத்தை விட ஏறத்தாழ எட்டுச் சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். டயருக்குள் எஃகுப் பட்டை இருப்பதால் உண்மையில் கொஞ்சம் குறைவாக இருக்கும், இருந்தாலும் ஓயாமல் இருக்கும். வழுக்கலே இல்லாத நேர் சாலையில், நடுவிலிருக்கும் க்ளட்ச் நாள் முழுக்க உராய்ந்துகொண்டே வந்தது. ஒரு வருடத்துக்குள் அது கருகி, உலோகத் தூள் எண்ணெயில் கலந்து, பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. இதனால்தான் பல நிறுவனங்கள் நான்கு டயருக்கும் இடையே சுற்றளவு வித்தியாசத்துக்கு எல்லை வைத்திருக்கின்றன. சுபாரு சொல்லும் எல்லை கால் அங்குலம். அது பள்ள ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு டயர் ஆணி குத்திப் பாழானால் சில நேரம் நான்கையும் மாற்ற வேண்டிவரும் என்று பொருள். பழுதாகி நின்றாலும், இரண்டு சக்கரம் தரையில் உருளும்படி இழுத்துப் போகாமல், முழு வண்டியையும் மேலே ஏற்றிப் போகும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

முன்சக்கர இயக்கத்தில் செலவே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதன் பலவீனம் முன் ஆக்ஸிலின் முனையிலுள்ள மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் புகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நகர்த்தும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் மூட்டு போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன், உறை கிழிந்த நிலையிலேயே பார்த்துவிட்டால் செலவு சொற்பம். வருடம் ஒரு முறை வண்டியைத் தூக்கி அந்த உறையைப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். ஆல் வீல் டிரைவிலும் இதே மூட்டுகள் முன்னே உண்டு, பின்னேயும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியென்றால் யாருக்குத்தான் தேவை? வருடத்தில் பல வாரங்கள் பனி மூடிக் கிடக்கும், சரிவான, உடனே வழித்துவிடப்படாத தெருவில் வீடு இருப்பவர்களுக்கு. வீட்டுக்கு வரும் கடைசித் துண்டு தார் போடாத ஏற்றமாக இருப்பவர்களுக்கு. படகை ட்ரெய்லரில் வைத்து ஈரமான சரிவில் மேலே இழுப்பவர்களுக்கு. தோட்டம், வயல், காட்டு வேலை என்று சாலையை விட்டு இறங்குபவர்களுக்கு. இவர்களுக்கு அது ஆடம்பரமே அல்ல, வேலைக்கருவி. பனிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன்: முதலில் குளிர்கால டயர் வாங்குங்கள். சுமார் ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரணக் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், குளிர்கால டயர் மென்மையாகவே இருக்கும். குளிர்கால டயர் போட்ட முன்சக்கர இயக்கக் கார், கோடை டயரோடு வரும் நான்கு சக்கர இயக்கக் காரை விடப் பனியில் சீக்கிரம் நிற்கும், நன்றாகத் திரும்பும். டயர் பிடிப்பையே கூட்டுகிறது. நான்கு சக்கர இயக்கமோ இருக்கும் பிடிப்பை முழுதாகப் பயன்படுத்த மட்டுமே வழி செய்கிறது.

மின்சாரக் காரும் உங்கள் பட்டியலில் இருந்தால் கணக்கு சற்று மாறும். அங்கே ஷாஃப்டோ நடுக் க்ளட்சோ இல்லாமல் பின்னே ஒரு மோட்டார், முன்னே ஒரு மோட்டார் என்று வைத்துவிடுகிறார்கள். நான் மேலே புலம்பிய இயந்திரத் தொல்லைகளில் பெரும்பகுதி அதில் இல்லை. நிற்கும் தூரத்துக்கான கணக்கு மட்டும் அங்கேயும் அதேதான், பேட்டரி எடை கூடியிருப்பதால் டயர் இன்னும் வேகமாகத் தேயும்.

உங்களுக்காக நான் முடிவு செய்ய வேண்டுமென்றால் முன்சக்கர இயக்கத்தையே எடுப்பேன். ஆனால் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒன்று செய்யுங்கள். கடந்த இரண்டு வருடங்களில், சக்கரம் சுற்றி வண்டி நகராமல் நின்றது எத்தனை முறை என்று குடும்பத்தோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வண்டியின் அடிவயிறு மேட்டில் தட்டி நின்றதைச் சேர்க்காதீர்கள், அதற்குத் தேவை தரையிலிருந்து உயரம். அந்த உயரம் முன்சக்கர இயக்கத்திலேயே கிடைக்கும். எண்ணிக்கை ஒன்றோ இரண்டோ என்றால், இறங்கி நடப்பதும் ரிவர்ஸில் ஏற்றுவதும் போதும். மாதம் ஒரு முறை என்றால் விற்பனையாளரிடம் நான் சொன்னதாக எதுவும் சொல்லாமல் ஃபோர் வீல் டிரைவையே வாங்கிக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் நீங்கள் எடுக்கும் மாடலிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள், சில இடங்களில் விலை குறைந்த மாடலில் அதை எடுத்துவிடுகிறார்கள். டயர் பள்ளம் மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும், சட்டம் 1.6 வரை அனுமதித்தாலும், அடுத்த மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.